பொருள் காட்டியும் கழித்தல் ஏன் புரியவில்லை? பியாஜே சொன்ன 7–11 வயது நிலையும் மூன்றாம் வகுப்பும்

மூணாங்கிளாஸ் டீச்சர்

மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 52 − 27 மாதிரிக் கணக்கில் வகுப்பில் நிறையப் பேர் 35 என்று எழுதுகிறார்கள். அதே குழந்தைகளைப் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிக் கட்டோடு உட்கார வைத்தால் 25 என்று சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். நோட்டைத் திறந்தால் மறுபடி 35.

பயிற்சியில், குழந்தைகளின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று பியாஜே சொன்ன நான்கு நிலைகளைச் சொல்லி, 7 வயதிலிருந்து 11 வரை பருப்பொருள் செயல்நிலை, இந்த வயதுக்குப் பொருளைக் காட்டிச் சொன்னால் புரியும் என்றார்கள். என் பிள்ளைகளுக்கு 8 வயது. பொருளும் காட்டியாயிற்று. அப்புறமும் ஏன் நோட்டுக்கு வரமாட்டேன் என்கிறது? கோட்பாடு தப்பா, நான் செய்வது தப்பா?

நேர்கோடு

பொருள் போதவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் ரெண்டு நாள் குச்சி வெச்சுட்டு நோட்டுக்குத் தாவிடறோம். 11 வயசு வரைக்கும் இவங்களால கண்ணால பாக்காத எதையும் யோசிக்க முடியாது, பியாஜே சொன்னதே அதுதான். சார்ட் ஒட்டுங்க, வீடியோ போடுங்க, கட்டுப் படம் வரைஞ்சு காட்டுங்க. எவ்வளவுக்கு எவ்வளவு கண்ணுக்குத் தெரியுதோ அவ்வளவுக்குப் புரியும்.

ஈர்க்குச்சி

நேர்கோடு சொன்னதில் ஒரு பாதி சரி. அவசரப்பட்டு நோட்டுக்குத் தாவுகிறோம் என்பது உண்மை. ஆனால் "கண்ணால் பார்க்காததை யோசிக்க முடியாது" என்று பியாஜே சொல்லவில்லை. கிட்டத்தட்ட நேர் எதிரானதைச் சொன்னார்.

கண்ணுக்குத் தெரிவதில் மாட்டிக்கொண்டு நிற்பது அதற்கு முந்தைய நிலையின் குணம். ஐந்து வயதுக் குழந்தையின் முன்னால் ஒரே அளவுள்ள இரண்டு டம்ளரில் தண்ணீரைச் சமமாக ஊற்றி, ஒன்றை மட்டும் ஒல்லியான உயர டம்ளருக்கு மாற்றுங்கள். உயர டம்ளரில்தான் அதிகம் என்று சொல்லும். கண் அதைத்தான் சொல்கிறது. எட்டு வயதுக் குழந்தை, "திருப்பி அதிலேயே ஊத்துனா பழையபடிதானே இருக்கும்" என்று சொல்லும். திருப்பி ஊற்றி யாரும் காட்டவில்லை. அந்தச் செயலை அது மனத்துக்குள்ளேயே செய்து பார்த்துவிட்டது. பருப்பொருள் செயல்நிலை என்ற பெயரில் முக்கியமான சொல் "பருப்பொருள்" இல்லை, "செயல்". கையால் செய்யக்கூடிய ஒன்றை மனத்தில் செய்யவும், செய்ததை மனத்திலேயே திருப்பவும் முடிகிறது. பொருள் எதற்கு வேண்டியிருக்கிறது என்றால், அந்தச் செயல் ஏதோ ஒரு நிஜப் பொருளின் மேல் நடக்க வேண்டும். வெறும் குறியீட்டின் மேலோ, "இப்படி இருந்தால் என்ன ஆகும்" என்ற கற்பனை நிபந்தனையின் மேலோ இன்னும் நடக்காது.

அதனால் சார்ட்டும் வீடியோவும் இந்த இடத்தில் உதவாது. படத்தில் இருக்கிற கட்டைப் பிரிக்க முடியாது.

டீச்சர், உங்களிடம் இரண்டு கேள்வி. கட்டை யார் பிரிக்கிறார்கள், நீங்களா குழந்தையா? பிரித்தவுடன் நீங்கள் என்ன கேட்கிறீர்கள்?

இன்னொன்று. 52 − 27 வைத்து உங்கள் பிள்ளைகளின் சிக்கலைக் கண்டுபிடிக்கவே முடியாது. அந்தக் கணக்கில் இரண்டு வெவ்வேறு தப்பும் ஒரே விடையைத் தருகின்றன. ஒரு குழந்தை "பெரிசுலேர்ந்து சின்னது" என்று 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 போடும், பிறகு 5-லிருந்து 2 போக 3. விடை 35. இன்னொரு குழந்தை 2-ஐ 12 ஆக்கிக்கொண்டு 12-லிருந்து 7-ஐக் கழித்து 5 போடும், ஆனால் பத்தாமிடத்து 5-ஐ 4 ஆக்க மறந்துவிடும். விடை அதே 35. முதல் குழந்தைக்குக் கட்டைப் பிரிக்கலாம் என்பதே தோன்றவில்லை. இரண்டாவது குழந்தை பிரித்துவிட்டது, பிரித்த கட்டு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் விட்டுவிட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு.

53 − 27 கொடுத்துப் பாருங்கள். 34 வந்தால் முதல் தப்பு, 36 வந்தால் இரண்டாவது தப்பு, சரியான விடை 26. ஒன்றாமிட இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருக்கிற கணக்கை மட்டும் சோதனைக்கு எடுக்காதீர்கள்.

மூணாங்கிளாஸ் டீச்சர்

35 இரண்டு வழியில் வரும் என்பதை யோசித்ததே இல்லை. நாளைக்கு 53 − 27 கொடுக்கிறேன்.

உங்கள் கேள்விக்குப் பதில்: கட்டை நான்தான் மேசையில் வைத்துச் செய்து காட்டினேன். சரியாகச் சொன்னால் பிரிக்கவும் இல்லை. ஒரு கட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, டப்பாவில் ஏற்கெனவே எண்ணி வைத்திருந்த பத்து உதிரிக் குச்சியை எடுத்துப் போட்டேன். ரப்பர் பேண்டை ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்ட நேரம் ஆகிறது. பிறகு பிள்ளைகள் குழுவாக அதே மாதிரி செய்தார்கள். பிரித்த பிறகு "இப்போ 7 எடுக்கலாமா?" என்று கேட்டேன்.

தாள்1 தேர்வர்

டெட் தாள் 1-க்குப் படிச்சிட்டிருக்கேன். 150 கேள்வில 30 குழந்தை மேம்பாடு. ஒரு கைடுல 7–11 "புலனீடான செயல்நிலை"ன்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல "பருப்பொருள் நிலை". ரெண்டும் ஒண்ணுதானா? "மீள்தன்மை" எந்த நிலைன்னு கேட்டா என்ன எழுதணும்?

ஈர்க்குச்சி

தேர்வருக்கு: இரண்டும் ஒன்றுதான், மொழிபெயர்ப்பு வேறுபாடு. மீள்தன்மை என்பது செய்ததை மனத்திலேயே திருப்பிப் பார்ப்பது, அதை இந்த நிலைக்குத்தான் எழுத வேண்டும்.

டீச்சர், சிக்கல் டப்பாவில் இருக்கிறது. கட்டை ஓரம் வைத்துவிட்டு டப்பாவிலிருந்து பத்துக் குச்சி போடும்போது குழந்தை என்ன பார்க்கிறது? ஒன்று போயிற்று, பத்து வந்தது. அது பண்டமாற்று. போனதும் வந்ததும் சமம் என்பதை அது உங்களை நம்பித்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். ரப்பர் பேண்டைக் கழற்றி, அதே குச்சிகளை ஒன்றாமிடக் கட்டத்துக்கு நகர்த்தினால் எதுவும் வரவும் இல்லை, போகவும் இல்லை. அதே 52, வேறு மாதிரி கிடக்கிறது. தண்ணீரை வேறு டம்ளருக்கு ஊற்றுவது போலத்தான் இதுவும். இந்த வயதில் குழந்தையால் முடிகிற செயலே இதுதான், அதைத்தான் நேரம் ஆகிறது என்று வெட்டிவிட்டீர்கள்.

இப்படிச் செய்து பாருங்கள். இரண்டு இரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒரு ஜோடிக்கு 9 கட்டு, 10 உதிரி, மொத்தம் 100 ஈர்க்குச்சி. விரல் நீளத்துக்கு ஒடித்தால் போதும். கட்டும் வேலையைப் பிள்ளைகளே செய்யட்டும். தானே எண்ணிக் கட்டிய கட்டில் பத்து இருக்கிறது என்பதில் குழந்தைக்குச் சந்தேகம் வராது. முன்னால் ஒரு அட்டையில் "பத்து", "ஒன்று" என இரண்டு கட்டம்.

ஒருத்தர் கையில் குச்சி, இன்னொருத்தர் கையில் சிலேட்டு. குச்சிக்காரர் ஒரு அசைவு செய்தால் சிலேட்டுக்காரர் உடனே ஒரு குறி போட வேண்டும். 5 கட்டும் 2 உதிரியும் வைத்தால் 52 எழுதுகிறார். ஒரு கட்டைப் பிரித்து நகர்த்தினால் அந்த நொடியே 5-ஐ அடித்து 4, 2-ஐ அடித்து 12. 7 உதிரியை எடுத்தால் கீழே 5. இரண்டு கட்டை எடுத்தால் கீழே 2. அடுத்த கணக்குக்கு இடம் மாறிக்கொள்ளட்டும். எல்லாவற்றையும் குச்சியில் முடித்துவிட்டுக் கடைசியில் நோட்டில் எழுதச் சொன்னால் அவை இரண்டு தனி வித்தைகளாகத்தான் மனத்தில் உட்காரும். உங்கள் வகுப்பில் குச்சியில் 25, நோட்டில் 35 என்று நிற்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். இந்த வேகத்தில் ஒரு பீரியடில் நாலு கணக்குக்கு மேல் நகராது. பரவாயில்லை.

இனி அந்தக் கேள்வி. கட்டைப் பிரித்ததும், 7-ஐ எடுப்பதற்கு முன் நிறுத்திவிட்டு, "இப்போ மொத்தம் எத்தனை குச்சி இருக்கு?" என்று கேளுங்கள். சில பிள்ளைகள் எண்ண ஆரம்பிப்பார்கள். சிலர் "கூடிடுச்சு" என்பார்கள், ஒன்றாமிடத்தில் குவியல் பெரிசாகத் தெரிவதால். சிலர் உங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு "அதே 52 தானே" என்பார்கள். அடித்து எழுதும் அந்த 4-க்கும் 12-க்கும் அர்த்தம் இருப்பது இந்த மூன்றாவது குழந்தைக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு அது டீச்சர் சொன்ன சடங்கு.

"பக்கத்து வீட்ல ஒண்ணு கடன் வாங்கு" என்பதையும் விட்டுவிடலாம். கடன் வாங்கினது ஒன்று, எப்படிப் பத்தாகிறது? யாரும் திருப்பிக் கொடுப்பதும் இல்லை. "கட்டைப் பிரி" போதும். தமிழில் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது: ஐம்பத்திரண்டு என்ற சொல்லிலேயே ஐந்து பத்தும் இரண்டும் கேட்கின்றன. பிரித்த பிறகு "நாற்பதும் பன்னிரண்டும்" என்று வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். ஐம்பத்திரண்டு என்றாலும் நாற்பதும் பன்னிரண்டும் என்றாலும் ஒரே குவியல்தான் என்று குழந்தை சொல்லிப் பழகினால் பாதி வேலை முடிந்தது. தொண்ணூறில் மட்டும் இந்த வசதி இல்லை. அந்தப் பெயரில் ஒன்பது கேட்காது. எண்பத்தொன்பதுக்கு அப்புறம் "எண்பத்துப் பத்து" என்று சொல்கிற குழந்தையைத் திட்டாதீர்கள், அது சரியாக யோசிக்கிறது.

கருங்குயில்

ஈர்க்குச்சி சொன்ன வகுப்பு முறையில் எனக்குத் தகராறு இல்லை. "இப்போ மொத்தம் எத்தனை?" என்று கேட்டு அதை வைத்துக் குழந்தையின் நிலையை முடிவு கட்டுவதில்தான் எச்சரிக்கை வேண்டும்.

வகுப்பறையில் டீச்சர் ஒரு கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் குழந்தைகள் என்ன புரிந்துகொள்கிறார்கள்? முதல் பதில் தப்பு, மாற்றிச் சொல் என்று. பியாஜேயின் சோதனை அப்படித்தான் இருக்கிறது. இரண்டு வரிசையிலும் இருக்கிற பொருள்களின் எண்ணிக்கை சமமா என்று கேட்பார்கள். பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே ஒரு வரிசையைக் கலைப்பார். மறுபடி அதே கேள்வி. கலைத்ததற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது. 1974-ல் ரோஸ், பிளாங்க் இருவரும் முதல் கேள்வியை விட்டுவிட்டு, மாற்றிய பிறகு ஒரே தடவை மட்டும் கேட்டார்கள். ஆறு வயதுக் குழந்தைகள் முன்னைவிட நன்றாகவே பதில் சொன்னார்கள். அதே ஆண்டில் மெக்காரிகிள், டொனால்ட்சன் இருவரும் 4 முதல் 6 வயதுள்ள 80 குழந்தைகளிடம் வேறொன்று செய்தார்கள். பெரியவருக்குப் பதில் ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து வரிசையைக் கலைத்துவிடும். பெரியவர் கலைத்தபோது 13 பேர்தான் சரியாகச் சொன்னார்கள். கரடி கலைத்தபோது 50 பேர்.

அதாவது பல குழந்தைகளுக்கு அறிவு இருந்தது, கேட்ட விதம்தான் அதை மறைத்தது. 7, 11 என்று வயதைப் பாறையில் செதுக்கிய மாதிரி பயிற்சியில் சொல்லித் தருவதை நிறுத்த வேண்டும். மெக்சிகோவில் மண்பாண்டம் செய்கிற குடும்பத்துப் பிள்ளைகளை வைத்து 1969-ல் ஓர் ஆய்வு வந்தது. களிமண்ணை உருட்டினாலும் தட்டினாலும் அளவு மாறாது என்பது, மண்ணில் கை வைக்காத வீட்டுப் பிள்ளைகளைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வயது ஒன்றே எல்லாம் என்றால் இது நடக்கக் கூடாது.

ஈர்க்குச்சி

ஏற்றுக்கொள்கிறேன். கேள்வியை மாற்றிக்கொள்ளலாம். முதலில் எத்தனை என்று கேட்காமலே 52 குச்சி வைக்கச் சொல்லுங்கள். பிரித்த பிறகு ஒரே தடவை கேளுங்கள். அல்லது எண்ணிக்கையையே கேட்காமல், "பக்கத்து ஜோடி இன்னும் கட்டைப் பிரிக்கல. அவங்ககிட்ட அதிகமா, உங்ககிட்ட அதிகமா, ரெண்டும் ஒண்ணா?" என்று கேளுங்கள். எந்தப் பதில் வந்தாலும் "எப்படித் தெரியும்?" என்று ஒன்று சேர்த்துக் கேளுங்கள். "கட்டினா பழையபடி ஆயிடும்", "நாம ஒண்ணும் எடுக்கலையே" என்ற இரண்டில் எது வந்தாலும் அந்தக் குழந்தைக்குப் பிடிபட்டுவிட்டது. வெறும் "ஒண்ணுதான்" என்ற பதிலை நம்பாதீர்கள், பக்கத்துப் பையன் சொன்னதைக் கேட்டும் சொல்லும்.

ஆனால் கரடி ஆய்விலிருந்து, நிலைகளே கிடையாது என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். கரடி வந்தபோதும் 80-ல் 30 பேர் தவறவிட்டார்கள். வயது முன்பின் நகர்கிறது, நிலைகள் வருகிற வரிசை மாறவில்லை.

கருங்குயில்

வரிசை மாறவில்லை என்பதும் எல்லா வேலைக்கும் பொருந்தாது. சரி, டீச்சரின் கேள்விக்கு அது அவசியமில்லை, விடுகிறேன்.

வல்லைவெளி

இலங்கையில் இதைத் தூல சிந்தனைப் பருவம் என்று படிப்பிக்கிறார்கள். பெயர் எதுவானாலும், கருங்குயில் சொன்ன வயது விசயத்தில் ஒன்று சேர்க்க வேணும். பியாஜேயே ஒரு பிள்ளை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடித்துவிடும் என்று சொல்லவில்லை. எண்ணிக்கை மாறாது என்பது 6, 7 வயதில் வருகிறது. களிமண் உருண்டையைத் தட்டினால் மண்ணின் அளவு மாறாது என்பது 7, 8-ல். அதே உருண்டையின் நிறை மாறாது என்பது 9, 10-ல்தான். அது தண்ணீரில் பிடிக்கும் இடம் மாறாது என்பது 11, 12-க்குப் போய்விடும். ஒரே உருண்டைதான், ஒரே பிள்ளைதான்.

விஞ்ஞானப் பாடத்தில் இது அப்படியே வந்து இடிக்கும். ஒரே பருமனில் ஒரு இரும்புக் குண்டும் ஒரு களிமண் உருண்டையும் செய்து, இரண்டு ஒரே மாதிரிக் கண்ணாடிக் குவளையில் போட்டால் எந்தக் குவளையில் தண்ணீர் கூட உயரும் என்று கேளுங்கள். அநேகம் பேர் இரும்பு போட்டதில் என்பார்கள், அது பாரம் என்பதால். செய்து காட்டினால் இரண்டும் ஒரே அளவு உயரும். சிலர் அதைப் பார்த்த பிறகும், இரும்பு கொஞ்சம் சின்னது போல என்று சமாளிப்பார்கள். பிள்ளை பொய் சொல்லவில்லை. நிறையையும் பருமனையும் பிரித்துப் பிடிக்க அதற்கு இன்னும் வரவில்லை. நிறைக்கும் நீளத்துக்கும் நன்றாகப் பதில் சொல்கிற பிள்ளைக்கு இதுவும் வரும் என்று ஆசிரியர் எதிர்பார்த்துவிட்டு, கவனிக்கவில்லை என்று ஏசுகிறார். அதுதான் எனக்குப் பொறுக்க முடியாதது.

கழித்தலுக்கு வருகிறேன். குச்சிக்குப் பதில் காசு வைத்தால் என்ன? பத்து ரூபாவை மாற்றினால் பத்து ஒரு ரூபா. பிள்ளைகளுக்குக் கடையில் பழக்கம் உண்டு.

ஈர்க்குச்சி

காசு நல்லது, ஆனால் இரண்டாவதாக. பத்து ரூபாயைப் பிரிக்க முடியாது, கொடுத்து மாற்றத்தான் முடியும். டீச்சரின் டப்பாச் சிக்கல் அங்கேயும் வரும். கட்டில் பிடித்துக்கொண்ட குழந்தைக்குக் காசில் மாற்றுவது சிரமம் இல்லை. பத்துக் கோடு போட்ட நீளக் கட்டைகளும் அப்படித்தான், ஒடிக்க முடியாது. மணிச்சட்டம் எல்லாவற்றுக்கும் கடைசி. அதில் பத்தாமிடத்து மணியும் ஒன்றாமிடத்து மணியும் ஒரே அளவு, எந்தக் கம்பியில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் மதிப்பு. அது பொருள் மாதிரித் தெரியும், உண்மையில் அது இலக்கத்தின் தம்பி. நிறைய இடங்களில் மணிச்சட்டத்தை முதலில் எடுக்கிறார்கள், கையில் கிடைப்பது அது என்பதால்.

நிலா அம்மா

இங்கே கேட்கலாமா தெரியவில்லை. என் பொண்ணுக்கு 8 முடிந்தது. இன்னும் விரல் விட்டுத்தான் கூட்டுகிறாள். நீங்கள் சொல்கிற இந்த நிலைக்கு அவள் இன்னும் வரவில்லையா? டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

மூணாங்கிளாஸ் டீச்சர்

அம்மா, பயப்பட வேண்டாம். என் வகுப்பிலும் நிறையப் பேர் விரல் விடுகிறார்கள். எப்படி விடுகிறாள் என்று பாருங்கள். 8 + 5 கேட்டால் ஒன்றிலிருந்து ஆரம்பித்து எட்டு விரல், அப்புறம் ஐந்து விரல் என்று முழுவதும் எண்ணுகிறாளா? இல்லை "எட்டு" என்று வாயால் சொல்லிவிட்டு ஒன்பது, பத்து, பதினொண்ணு என்று ஐந்து விரல் மட்டும் மடக்குகிறாளா?

நிலா அம்மா

எட்டுன்னு சொல்லிட்டு அஞ்சு மட்டும்தான் மடக்குறா. 3 + 9 கேட்டாலும் ஒன்பதிலேர்ந்துதான் ஆரம்பிக்கிறா.

ஈர்க்குச்சி

அப்படியென்றால் நன்றாகவே யோசிக்கிறாள். 3 + 9-ஐத் திருப்பிப் போட்டாலும் விடை மாறாது என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது, அதனால்தான் பெரிய எண்ணிலிருந்து ஆரம்பிக்கிறாள். விரலைத் தடுக்காதீர்கள். தடுத்தால் மேசைக்கு அடியில் மடக்குவாள், அவ்வளவுதான் மாற்றம்.

மூணாங்கிளாஸ் டீச்சர்

53 − 27 கொடுத்துப் பார்த்தேன். 34 எழுதினவர்களும் இருக்கிறார்கள், 36 எழுதினவர்களும் இருக்கிறார்கள். எல்லாம் ஒரே தப்பு என்று நினைத்து ஒரே மாதிரி திருத்திக்கொண்டிருந்தேன்.

36 எழுதினவர்களை ஜோடியாக, சிலேட்டுக் குறியோடு உட்கார வைத்தேன். சீக்கிரமே நேராகிவிட்டது. கட்டை எடுத்த கையோடு 5-ஐ அடிக்க வேண்டியிருப்பதால் மறக்க இடமில்லை. 34-காரர்கள்தான் கஷ்டம். அவர்களில் ஒருத்தியிடம் "3-லேர்ந்து 7 எடுக்க முடியுமா?" என்று கேட்டேன். "முடியாது, அதான் 7-லேர்ந்து 3 எடுத்தேன்" என்கிறாள். குச்சியில் மட்டும் தயங்காமல் கட்டைப் பிரிக்கிறாள்.

ஈர்க்குச்சி

அந்தப் பெண் நியாயமாகத்தான் பேசுகிறாள். நோட்டில் 53 என்பது அவளுக்கு 5 என்றும் 3 என்றும் இரண்டு தனி எண். மூன்றுக்குப் பக்கத்தில் ஐந்து கட்டு நிற்பது தெரியவில்லை. குச்சிக்கும் நோட்டுக்கும் நடுவில் அவளுக்கு ஒரு படி வேண்டும்.

53 குச்சியை அட்டையில் வைக்கச் சொல்லி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிடுங்கள். "உள்ள ஒரு கட்டைப் பிரிச்சுட்டதா நினைச்சுக்கோ. இப்போ எத்தனை கட்டு, எத்தனை உதிரி?" அவள் சிலேட்டில் 4, 13 என்று எழுதட்டும். பிறகு துணியை எடுத்து அவளே பிரித்துச் சரிபார்க்கட்டும். கை செய்ததை மனம் செய்யத் தொடங்குவது இந்த மூடின துணிக்குக் கீழேதான். திரும்பத் திரும்பச் செய்தால் துணியை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றே தோன்றாது. அப்போது குச்சியை எடுத்துவிடலாம். நாள் கணக்கு சொல்ல மாட்டேன், குழந்தைக்குக் குழந்தை மாறும். அவள் துணியை எடுக்காமல் விடுவதுதான் அடையாளம்.

விடை வந்தபின் திருப்பியும் செய்ய வையுங்கள். மிச்சம் 26-ஓடு எடுத்த 27-ஐச் சேர்த்தால் 4 கட்டு, 13 உதிரி. உதிரியில் பத்தை மறுபடி கட்டினால் 53. கூட்டிச் சரிபார் என்று சொல்வது வேறு, பிரித்த அதே கட்டை அவள் கையாலேயே மறுபடி கட்டுவது வேறு.

நேர்கோடு

நான் முதல்ல சொன்னதுல படம், வீடியோ விஷயம் தப்புன்னு ஒத்துக்கறேன். ஆனா ஒரு சந்தேகம். இவ்வளவு கஷ்டப்பட்டுப் பிரிக்கணுமா? கடைக்காரர் மாதிரி 27-லேர்ந்து மேல எண்ணினா? 27-க்கு 3 போட்டா 30, இன்னும் 20 போட்டா 50, இன்னும் 3 போட்டா 53. மொத்தம் 26. பிரிக்கவும் வேண்டாம், அடிச்சு எழுதவும் வேண்டாம். 34-காரப் பொண்ணுக்கு இதுதான் நல்லதுன்னு தோணுது.

கருங்குயில்

எனக்கும் அது பிடிக்கும். கழித்தலைக் கூட்டலின் மறுபக்கமாகப் பார்ப்பதும் மீள்தன்மைதான். குழந்தைக்கு இயல்பாக வருகிற வழியை விட்டுவிட்டு நெடுவரிசை எழுத்தைத் திணிப்பது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

ஈர்க்குச்சி

மனக்கணக்குக்கு அது அருமை, கற்றுத்தர வேண்டும். ஆனால் அது கட்டைப் பிரிப்பதற்கு மாற்று இல்லை. அந்தப் பெண்ணின் சிக்கல் 53-க்குள் ஐந்து பத்து இருப்பது தெரியாதது. மேலே எண்ணினால் விடை வந்துவிடும், அந்தச் சிக்கல் அப்படியே ஒளிந்துகொள்ளும். மூன்றிலக்கத்துக்குப் போகும்போது வெளியே வரும்.

302 − 158 எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை பத்தாமிடத்தில் கட்டு இருந்தது, இப்போது அங்கே ஒன்றும் இல்லை. நூறு என்பது பத்துக் கட்டைச் சேர்த்துக் கட்டின பெரிய கட்டு. அதைப் பிரித்தால் பத்துச் சிறு கட்டு வரும், அதில் ஒன்றைப் பிரித்தால் பத்து உதிரி. இருநூறும் தொண்ணூறும் பன்னிரண்டும். விடை 144. இதில் 154 வந்தால் குழந்தை பெரிய கட்டைப் பிரித்துப் பத்தாமிடத்துக்கும் ஒன்றாமிடத்துக்கும் பத்துப் பத்தாகக் கொடுத்திருக்கிறது, பத்து 9 ஆகக் குறைந்ததை விட்டுவிட்டது. 256 வந்தால் மறுபடி "பெரிசுலேர்ந்து சின்னது". குச்சியில் இதை ஜோடிக்கு ஜோடி செய்ய முடியாது, 300 குச்சி வேண்டும். வகுப்புக்கு ஒரு செட் செய்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக முன்னால் வரச் சொல்லிப் பிரிக்க வையுங்கள்.

நேர்கோடு

158-லேர்ந்து 160, 200, 302. ரெண்டு, நாப்பது, நூத்திரெண்டு. 144. இங்கயும் வருதே.

ஈர்க்குச்சி

உங்களுக்கு வருகிறது. 102-ஐ ஒரே தாவலில் எடுத்தீர்கள், நூறு என்பது உங்களுக்கு ஒரு கட்டு. 34 எழுதின பெண்ணிடம் 200-லிருந்து 302-க்கு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

மூணாங்கிளாஸ் டீச்சர்

கேட்டேன். "நூறு… இல்ல நூத்தி… இருங்க டீச்சர்" என்று விரலை எடுத்துவிட்டாள். ஆனால் துணி மூடி 53-ஐக் கேட்டபோது நாலு கட்டு, பதிமூணு உதிரி என்று இரண்டு தடவை சரியாகச் சொன்னாள். இரண்டு தடவையும் துணியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள்.

வல்லைவெளி

தூக்கட்டும், தடுக்க வேண்டாம். அடுத்த கிழமையும் அவள் தூக்குகிறாளா என்று இங்கே எழுதுங்கோ.